2.598-ஐத் தாண்டாத முக்கோணம்

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களுக்கும் சைன் மதிப்பைப் பார்த்துக் கூட்டினால் அதிகபட்சம் எவ்வளவு வரும்? சைன் 1-ஐத் தாண்டாது என்பதால் 3 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1 கிடைக்கக் கோணம் 90° ஆக இருக்க வேண்டும். மொத்தமே 180° உள்ள முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்களுக்கு இடமில்லை.

சரி, ஒரு செங்கோணத்தையாவது வைத்துக்கொள்ளலாமா? 90°, 45°, 45° என்றால் தொகை 2.414. அந்தச் செங்கோணத்தையும் விட்டுவிட்டு 80°, 60°, 40° என்று எடுத்தால் 2.494. முழு மதிப்பான 1-ஐ இழந்தும் தொகை கூடுகிறது!

காரணம் சைன் வரைபடத்தின் வளைவு. 0° முதல் 180° வரை அது கவிழ்த்த சட்டிபோல இருக்கும். அதன்மேல் எந்த இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தாலும் கோடு வளைவுக்குக் கீழேதான் போகும். இந்தக் குணத்தைக் குழிவு என்பார்கள். 80°, 40° இரண்டின் சைன்கள் 0.985, 0.643, சராசரி 0.814. அது இணைகோட்டின் நடுப்புள்ளி உயரம். நேர்மேலே, 60°-இல், வளைவின் உயரம் 0.866.

இனி மூன்று கோணங்களுக்கும் வளைவில் மூன்று புள்ளிகளைக் குறித்து இணையுங்கள். அந்தச் சிறு முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம் எங்கே இருக்கும்? கோணங்களின் கூடுதல் 180° என்பதால், எந்த முக்கோணத்தை எடுத்தாலும் அது 60°-க்கு நேராகவே நிற்கும். அதன் உயரம் மூன்று சைன்களின் சராசரி. அது வளைவுக்கு மேலே போக முடியாது. ஆகவே சராசரி √3/2-ஐத் தாண்டாது.

sin A + sin B + sin C ≤ 3√3/2 ≈ 2.598

வளைவில் நேரான துண்டே இல்லாததால், மூன்று புள்ளிகளும் ஒன்றாகச் சேரும்போது மட்டுமே, அதாவது சமபக்க முக்கோணத்தில் மட்டுமே, இந்த உச்சம் கிட்டும்.

"சமமில்லாத இரு கோணங்களைச் சமமாக்கினால் தொகை கூடுகிறது, ஆகவே மூன்றும் சமமானால் உச்சம்" என்று சுருக்கமாக முடிப்பவர்கள் உண்டு. அதில் ஓர் ஓட்டை: உச்சம் என்று ஒன்று இருப்பதையே அது முன்கூட்டி நம்பிவிடுகிறது. மையத்தை வைத்துச் சொல்லும் நிரூபணத்துக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. இதன் பொது வடிவத்தை 1906-இல் வெளியிட்டவர் டென்மார்க்கின் யோஹான் யென்சன். பேராசிரியர் அல்ல, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் பொறியாளர்!

வட்டத்துக்குள் வரைந்த முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் விட்டத்தை எதிர்க்கோணத்தின் சைனால் பெருக்கியது. ஆகவே 10 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் எப்படி வரைந்தாலும் சுற்றளவு 25.98 செ.மீ.க்கு மேல் போகாது.

கொசைனுக்கும் இதையே அப்படியே எழுதிவிடாதீர்கள். அதன் வளைவு 90°-ஐத் தாண்டியதும் மறுபக்கம் வளைகிறது. விரிகோண முக்கோணத்தில் இந்த வாதம் நிற்காது. மூன்று கொசைன்களின் கூடுதல் 3/2-ஐத் தாண்டாது என்பது உண்மைதான். அதை நிறுவ வேறு வழி வேண்டும்.