அம்புக்குறிக்கு எத்தனை மதிப்பெண்?

ஒரு பத்தியைக் கொடுத்து, "இதில் உள்ள வாதத்தை வரைந்து காட்டுக" என்று மாணவர்களைக் கேட்கும் பயிற்சி ஒன்று உண்டு. பத்தியின் இறுதி முடிவை ஒரு பெட்டியில் மேலே எழுத வேண்டும். அதைத் தாங்கும் கூற்றுகளை அதன் கீழும், அவற்றைத் தாங்கும் சான்றுகளை அடியிலும் எழுதி, எது எதைத் தாங்குகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்ட வேண்டும். நீதிமன்றச் சாட்சியங்களை இவ்வாறு படமாக வரையும் முறையை அமெரிக்கச் சட்ட அறிஞர் விக்மோர் 1913-லேயே விளக்கியிருக்கிறார். வரைவது எளிது. திருத்துவதுதான் கடினம். பெட்டிகள் எல்லாம் சரியாக இருந்தும் படம் தவறாக இருக்கக்கூடும் என்பதே காரணம். எப்படி என்று ஓர் உண்மையான வாதத்தைக் கொண்டு பார்ப்போம்.

கலிலியோ 1610-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் தம் தொலைநோக்கியால் வெள்ளிக் கிரகத்தைத் தொடர்ந்து கவனித்தார். அதையொட்டி நாம் ஒரு பத்தி அமைத்துக்கொள்வோம்:

"(1) வெள்ளி, நிலவைப் போலவே தேய்ந்தும் வளர்ந்தும் தோன்றுகிறது. (2) ஏறக்குறைய முழு வட்டமாக இருக்கும்போது சிறிதாகவும், மெல்லிய பிறையாக இருக்கும்போது பெரிதாகவும் தெரிகிறது. (3) ஆகவே அது ஒரு சமயம் சூரியனுக்கு அப்பாலும், வேறொரு சமயம் சூரியனுக்கு இப்பாலும் இருக்கிறது. (4) எனவே வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது. (5) தாலமியின் அமைப்பில் வெள்ளி ஒருபோதும் சூரியனுக்கு அப்பால் செல்வதில்லை. (6) ஆகவே பூமியும் சூரியனைச் சுற்றுகிறது."

இதில் 1, 2 ஆகியவை கண்ணால் கண்டவை, ஆகவே சான்றுகள். 3, 4 ஆகியவை அவற்றிலிருந்து பெற்ற கூற்றுகள். 5 என்பது எதிர்த்தரப்புக் கொள்கையைப் பற்றிய செய்தி. 6 இறுதி முடிவு. பெரும்பாலான மாணவர்கள் இதுவரை சரியாகவே வந்துவிடுவார்கள். "ஆகவே", "எனவே" என்ற சொற்களே வழிகாட்டிவிடும். அதனால்தான் இதற்கு அதிக மதிப்பெண் தரக்கூடாது என்கிறேன். மொத்தம் 20 மதிப்பெண் என்றால் பெட்டிகளுக்கு 5 போதும். மீதி 15-ம் அம்புக்குறிகளுக்கும், பத்தியில் சொல்லாமல் விட்ட எடுகோள்களுக்கும் உரியவை.

ஓர் அம்புக்குறியை எப்படிச் சோதிப்பது? "கீழே உள்ளது முழுக்க முழுக்க உண்மை என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ளது பொய்யாக இருக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் அம்பு உறுதியானது. முடியும் என்றால் அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது.

முதலில் 1, 2-லிருந்து 3-க்குச் செல்லும் அம்பைப் பாருங்கள். இரண்டு சான்றுகளிலிருந்தும் தனித்தனியாக இரண்டு அம்புகள் வரைவது நல்ல விடையன்று. தேய்ந்து வளர்வது மட்டும் தெரிந்தால் வெள்ளி எந்த நிலையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது தெரியாது. பெரிதும் சிறிதுமாகத் தெரிவது மட்டும் தெரிந்தால், சூரியனுக்கு எந்தப் பக்கம் என்பது தெரியாது. முழு வட்டமாக இருப்பதும் சிறிதாக இருப்பதும் ஒரே சமயத்தில் நேர்கின்றன என்பதில்தான் வலு இருக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்து, அங்கிருந்து ஒரே அம்பு போட வேண்டும். அந்தக் கோட்டில் சொல்லாத ஓர் எடுகோளும் சேர வேண்டும்: வெள்ளிக்குச் சொந்த ஒளி இல்லை, சூரிய ஒளியையே பிரதிபலிக்கிறது என்பது. இதை எழுதிய மாணவருக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

3-லிருந்து 4-க்குச் செல்லும் அம்பும் தனியே நிற்காது. வெள்ளி ஒருபோதும் சூரியனை விட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகிக் காணப்படுவதில்லை. பழங்காலத்திலிருந்தே தெரிந்த இந்தச் செய்தியைச் சேர்த்தால்தான் சூரியனுக்கு அப்பாலும் இப்பாலும் போய்வருவது சுற்றுவதாகிறது.

இனி 4, 5-லிருந்து 6. இங்கேதான் நல்ல மாணவர்களும் சறுக்குகிறார்கள். தாலமியின் அமைப்பில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையிலேயே ஒரு சிறு வட்டத்தில் சுழல்கிறது. அப்படியானால் ஒளிபட்ட பக்கம் பெரும்பாலும் நமக்கு மறைந்தே இருக்கும். பிறைக்கு மேல் எதுவும் தெரியாது. முழு வட்டம் தெரிந்துவிட்டதால் அந்த அமைப்பு தவறு. பத்தியில் எழுதப்படாத இந்த "தாலமி தவறு" என்ற பெட்டியை 4, 5-க்கு மேலே வரைய வேண்டும். இதுவரை குறை சொல்ல இடமில்லை.

அந்தப் பெட்டியிலிருந்து 6-க்குச் செல்லும் அம்பிடம் நம் கேள்வியைக் கேளுங்கள். தாலமி தவறு என்பது உண்மையாகவே இருக்கட்டும். பூமி அசையாமல் இருக்க முடியுமா? முடியும். டைக்கோ பிராகி 1588-லேயே ஓர் அமைப்பை வெளியிட்டிருந்தார். அதில் பூமி அசையாது. சூரியன் பூமியைச் சுற்றும். மற்றக் கிரகங்கள் சூரியனைச் சுற்றும். அந்த அமைப்பிலும் வெள்ளி சூரியனுக்கு அப்பால் போகும். அப்போது சிறிதாக, முழு வட்டமாகத் தெரியும். இப்பால் வரும்போது பெரிய பிறையாகத் தெரியும். கலிலியோ கண்டதற்கும் இதற்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை. பத்தி எழுதியவர், தாலமி அல்லது கோப்பர்நிக்கஸ் என இரண்டே வழிகள்தாம் உண்டு என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார். 1651-லும் ரிச்சோலி என்ற இத்தாலிய வானியலார் சிறு மாறுதல்களுடன் டைக்கோவின் அமைப்பையே ஏற்றார் என்பதிலிருந்து அந்த மூன்றாவது வழி வெறும் கற்பனையன்று என்பது விளங்கும்.

மாணவர் ஏன் இதைக் காண்பதில்லை? 6-ஆம் வாக்கியம் உண்மையானது, அதுதான் தொல்லை. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். முடிவு சரி என்று தெரிந்தவுடன் அம்பும் சரி என்று கண் ஏமாந்துவிடுகிறது. திருத்தும் ஆசிரியருக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே விடைத்தாளைத் திருத்துமுன் 6-ஆம் வாக்கியத்தை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு, 1 முதல் 5 வரை மட்டும் படித்து, எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பாருங்கள். "வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது, தாலமி தவறு" என்பதோடு கால் நின்றுவிடும்.

இரண்டு விடைகளை ஒப்பிடுவோம். முதல் மாணவர் ஆறு பெட்டிகளையும் அழகாக அடுக்கி, அம்புகளை ஒழுங்காகப் போட்டு, "வாதம் வலுவானது" என்று கீழே எழுதுகிறார். இரண்டாமவர் 5-ஆம் வாக்கியத்தைத் தவறாகச் சான்று என்று குறித்துவிடுகிறார். ஆனால் கடைசி அம்பின் அருகே, "வேறு அமைப்பு எதுவும் இல்லை என்றால் மட்டும்" என்று எழுதுகிறார். டைக்கோவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. என் கணக்கில் முதலாமவருக்கு 11, இரண்டாமவருக்கு 15. பெயர் தெரியவில்லை என்பதற்காகக் குறைக்க வேண்டியதில்லை. ஓட்டை இருக்கும் இடத்தை அவர் சரியாகத் தொட்டுவிட்டார்.

மூன்றாவது வகை மாணவரும் உண்டு. நிறையப் படித்தவர். பிராட்லி 1729-இல் அறிவித்த கண்டுபிடிப்பைப் புதிய சான்றாக வரைந்துவிடுவார். பூமியின் ஓட்டத்தால் விண்மீன்கள் ஆண்டு முழுவதும் தம் இடத்திலிருந்து சுமார் 20 விகலை வரை பெயர்ந்து தோன்றுகின்றன என்பது அது. ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. இன்னும் சிலர் 1838-இல் பெஸ்ஸல் ஒரு விண்மீனுக்கு அளந்த, ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்கே ஆன இடமாறு தோற்றத்தையும் சேர்ப்பார்கள். இவை உண்மையிலேயே பூமியின் ஓட்டத்தைக் காட்டும் சான்றுகள். ஆனால் கொடுத்த பத்தியில் இவை இல்லை. படம் என்பது எழுதியவர் என்ன வாதித்தார் என்பதைக் காட்டுவது. அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது வேறு வேலை. ஆகவே படத்துக்குள் வரைந்தால் அந்த இடத்தில் மதிப்பெண் குறையும். அதே செய்தியைப் படத்துக்கு வெளியே, "கடைசி அம்பை உறுதியாக்க இப்படிப்பட்ட சான்று வேண்டும்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண் தரலாம்.