சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

சென்ற தை மாதம் என் தந்தையாருக்கு மேல் வயிற்றில் வலி கண்டது. அவர் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் தொழிலாளி, வயது 54. பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஐயுற்ற மருத்துவர், வயிற்றை ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில், வலது சிறுநீரகத்தில் ஒரு ‘சிம்பிள் கார்ட்டிகல் சிஸ்ட்’ இருப்பதாகக் கண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “சிஸ்ட் என்றால் என்னடா?” என்று அம்மா கேட்டார். அகராதியில் பார்த்து, “கட்டி” என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லால் வந்த வினை பெரிது. மூட்டை தூக்கினால் கட்டி உடைந்துவிடும் என்று அஞ்சி அப்பா ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. செய்தி கேட்டு வந்த மாமா, “நகரத்துக்குக் கூட்டிப்போய் அறுத்து எடுத்துவிட வேண்டியதுதான். பணத்துக்கு நான் வட்டிக்கு ஏற்பாடு செய்கிறேன்” என்றார். பத்தாம் நாள் அறிக்கையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் படித்துப் பார்த்தார். வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். அவ்வளவுதான். “ஐயா, கட்டிக்கு ஒன்றும் எழுதவில்லையே?” என்று கேட்டேன். “எழுதியிருக்கிறேனே தம்பி, இதோ” என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். ‘வலது சிறுநீரகம், சாதாரண நீர்க்கட்டி, 18 மி.மீ., சிகிச்சை தேவையில்லை’ என்ற ஒரே வரி அதில் இருந்தது.

கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை ஏன் இப்படிக் குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்? அன்று அவர் சொன்னதையும், பின்னர் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் திருத்திக்கொள்வோம். தமிழில் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகித் திரண்ட திடமான வளர்ச்சி. மற்றொன்று, மெல்லிய தோல் போன்ற சுவருக்குள் நீர் தேங்கிய பை. சிஸ்ட் என்பது இரண்டாவது வகை. அதை நீர்க்கட்டி என்று முழுமையாகச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் பாதி அச்சம் குறைந்திருக்கும்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் சுமார் பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இரத்தத்தை வடிகட்டும் முடிச்சும் அதைத் தொடரும் நுண்குழலும் சேர்ந்ததே ஒரு நெஃப்ரான். வயது ஏற ஏற, இக்குழல்களின் சுவர் சில இடங்களில் வலுவிழந்து வெளியே பிதுங்குகிறது. அப்படிப் பிதுங்கிய பகுதி குழலிலிருந்து துண்டிக்கப்பட்டு, நீர் நிறைந்த தனிப் பையாகிவிடுகிறது. சாதாரண நீர்க்கட்டிகள் இவ்வாறே தோன்றுகின்றன என்று கருதப்படுகிறது. முப்பது வயதுக்கு உட்பட்டோரிடம் இவை அரிது. ஐம்பதைக் கடந்தவர்களிலோ நான்கில் ஒருவருக்காவது இருக்கும். நரைமுடி போல இதுவும் மூப்பின் ஓர் அடையாளம். தலையில் இருந்தால் தெரிகிறது, வயிற்றுக்குள் இருந்தால் தெரிவதில்லை. வேறு எதையோ தேடி ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாக வெளிப்படுகிறது.

சரி, அது வெறும் நீர்தான் என்று, அறுத்துப் பார்க்காமல் எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? இங்கேதான் நம் பௌதிகப் பாடம் உதவிக்கு வருகிறது. வயிற்று ஸ்கேன் கருவி, வினாடிக்குச் சுமார் 35 இலட்சம் முறை அதிரும் மீயொலி அலைகளை உடலுக்குள் அனுப்புகிறது. திசுக்களில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. தசையிலும் ஈரலிலும் எண்ணற்ற சிறு பரப்புகள் உள்ளமையால் எதிரொலி நிறைய வரும். அவை சாம்பல் நிறமாகத் தெரியும். தெளிந்த நீருக்குள் எதிரொலிக்க ஒன்றும் இல்லை. ஆகவே அது முழுக் கறுப்பாகத் தெரியும். இது முதல் அடையாளம்.

உருவம் வட்டமாகவோ முட்டை வடிவாகவோ இருந்து, சுவர் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருத்தல் இரண்டாவது அடையாளம். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திசுவின் வழியே செல்லும் ஒலி ஆழம் போகப் போக வலிமை குன்றும். கருவி அந்த இழப்பைக் கணக்கிட்டு, ஆழத்திலிருந்து வரும் எதிரொலிகளைப் பெருக்கிக் காட்டுகிறது. நீரின் வழியே சென்ற ஒலியோ அவ்வளவாக வலிமை இழப்பதில்லை. ஆனால் கருவி அதையும் அதே அளவு பெருக்கிவிடுகிறது. அதனால் நீர்க்கட்டிக்குப் பின்னால் உள்ள திசு சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று தெரியும். திடக்கட்டிக்குப் பின்னால் பொதுவாக இந்த வெளிச்சம் இராது. இம்மூன்று அடையாளங்களும் சேர்ந்திருந்தால் அது சாதாரண நீர்க்கட்டிதான், மேற்கொண்டு சி.டி. ஸ்கேன் தேவையில்லை. அப்பாவின் அறிக்கையில் மூன்றும் எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியைக் கண்டு பதறிய நான், மேலே இருந்த அவற்றைப் படிக்கவே இல்லை.

அடுத்து அளவைப் பார்ப்போம். அறிக்கையில் நீர்க்கட்டியின் மூன்று அளவுகள் 18, 17, 16 மில்லிமீட்டர் என்று இருந்தன. முட்டை வடிவப் பொருளின் பருமனைக் காண மூன்று அளவுகளையும் பெருக்கி, ஏறக்குறையப் பாதியாக்க வேண்டும். துல்லியமாகச் சொன்னால் 0.52 ஆல் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ இரண்டரை மில்லிலிட்டர்; அதாவது அரைத் தேக்கரண்டி நீர். 10 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிப்புள்ள ஒரு சிறுநீரகத்தின் பருமனை அதே முறையில் கண்டால் 104 மில்லிலிட்டர் வருகிறது. ஆக, நாங்கள் அஞ்சியது ஒரு சிறுநீரகத்தில் நூற்றில் இரண்டரைப் பங்கைக் கண்டு! எஞ்சிய பகுதியும் மற்றொரு சிறுநீரகமும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு இயல்பாக இருந்ததும் அதையே காட்டியது.

“இருந்தாலும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?” என்று மாமா கேட்டார். ஊசியால் குத்தி நீரை உறிஞ்சி எடுக்க முடியும். ஆனால் நீரைச் சுரந்த சுவர் அங்கேயே இருக்கிறது. பெரும்பாலும் பை மறுபடி நிறைந்துவிடும். அதனால்தான் அவசியமான இடத்தில், உறிஞ்சிய பின் ஆல்கஹால் போன்ற மருந்தைச் செலுத்திச் சுவரைச் சுரக்காமல் செய்கிறார்கள். அல்லது துளை வழி அறுவையில் பையின் மேற்கூரையை வெட்டி எடுக்கிறார்கள். சிறுநீரகமோ இரத்தம் நிறைந்த உறுப்பு. குத்தினால் இரத்தக் கசிவு, கிருமித் தொற்று ஆகிய இரண்டுக்கும் இடமுண்டு. சாதாரண நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவது இல்லையென்றே சொல்லும் அளவுக்கு அரிது; வளர்ச்சியும் மெதுவானது. தொல்லை தராத ஒன்றை எடுக்கப் போய்த் தொல்லையை வாங்குவது எந்தக் கணக்கிலும் இலாபம் ஆகாது.

“எதற்கும் ஒரு சி.டி. எடுத்துவிடலாமே?” என்பதும் அப்படித்தான். அதில் கதிர்வீச்சு உண்டு; மாறுபாட்டு மருந்தை நரம்பில் செலுத்த வேண்டும். அதைவிட முக்கியம், அது வயிறு முழுவதையும் நுணுக்கமாகக் காட்டும். ஈரலில் ஒரு புள்ளி, அட்ரினல் சுரப்பியில் ஒரு முண்டு என்று மேலும் இரண்டு தற்செயல்கள் கிளம்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடன்.

ஆனால் எல்லா நீர்க்கட்டிகளும் இப்படி விட்டுவிடத்தக்கவை அல்ல. எதை விடலாம், எதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று பிரிப்பதற்கு நியூயார்க்கைச் சேர்ந்த கதிரியல் மருத்துவர் மார்ட்டன் பாஸ்னியாக் 1986 ஆம் ஆண்டில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். அது 2019 இல் திருத்தம் பெற்று இன்றும் வழக்கில் உள்ளது. மீயொலிப் படத்தில் சந்தேகம் எழும்போது, மாறுபாட்டு மருந்துடன் எடுத்த சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டு இவ்வகைப்பாட்டைச் செய்கிறார்கள். மெல்லிய சுவருள்ள வெறும் நீர்ப் பை முதல் வகை. ஓரிரு மெல்லிய தடுப்புகள் உள்ளவை இரண்டாம் வகை. இவ்விரண்டுக்கும் தொடர் பரிசோதனை கூடத் தேவையில்லை. தடுப்புகள் மிகுந்தோ சற்றே தடித்தோ இருந்தால் சில ஆண்டுகள் படமெடுத்துக் கவனிக்கிறார்கள். சுவர் தடித்து ஒழுங்கற்றிருந்து, மாறுபாட்டு மருந்தை ஏற்றுப் பளிச்சிட்டால் அது மூன்றாம் வகை. அவற்றில் ஏறத்தாழப் பாதி புற்றுநோயாக இருக்கின்றன. உள்ளே திடமான முண்டு இருந்து, அது மருந்தை ஏற்றால் நான்காம் வகை. அதில் பெரும்பான்மை புற்றுநோயே. மருந்தை ஏற்பது என்றால் அங்கே இரத்த ஓட்டம் உண்டு என்று பொருள். நீருக்கு இரத்த ஓட்டம் ஏது?

வகை எதுவாயினும் விலாவில் ஓயாத வலி, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர்ப் பாதை அடைபடுதல் ஆகியவை கண்டால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். வயதும் கணக்கில் சேரும். 54 வயதில் ஒரு சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி என்பது ஒன்றுமில்லை. இருபது வயதான எனக்கு இரு சிறுநீரகங்களிலுமாகப் பல இருந்து, குடும்பத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர் எவரேனும் இருந்திருந்தால், மருத்துவர் நோட்டை மூடியிருக்க மாட்டார். அது பரம்பரையாக வரும் பன்னீர்க்கட்டிச் சிறுநீரக நோயாக இருக்கக்கூடும். அதில் கட்டிகள் ஆண்டுக்காண்டு பெருகிச் சிறுநீரகத்தையே விழுங்கிவிடும். இதனால்தான் மருத்துவர் அன்று என்னைப் பார்த்து, “உங்கள் தாத்தா, பாட்டி எப்படிக் காலமானார்கள்?” என்று கேட்டிருக்கிறார். பேச்சுக்குக் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

“ஒன்றும் செய்ய வேண்டாமென்றால், எழுதி வைப்பானேன் ஐயா?” என்று கடைசியாகக் கேட்டேன். “ஐந்து வருஷம் கழித்து வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்தால் புதிதாக வந்ததென்று நினைத்துவிடக் கூடாது பார். இந்தக் குறிப்பு இருந்தால், பழையது, இவ்வளவுதான் இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொள்” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “மூட்டை தூக்கலாம். 18 மில்லிமீட்டர் பை அதற்கெல்லாம் உடையாது” என்றார்.

மறுநாள் விடியற்காலை அப்பா சந்தைக்குப் புறப்பட்டார். அறிக்கை இப்போது எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில், ரேஷன் அட்டையோடு இருக்கிறது. அதன் உறைமீது நான் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘அப்பா – சாதாரண நீர்க்கட்டி – 18 மி.மீ.’

‘கட்டி’ என்று மட்டும் எழுதவில்லை.