அடைப்புக்குள் நுழையும் மறுப்பு

‘இதுவும் அதுவும் வேண்டும்’ என்பதை மறுத்தால் இரண்டுமே இல்லை என்று பொருளாகாது. இரண்டில் ஒன்றாவது இல்லை என்பதே அதன் மறுப்பு. ‘இது அல்லது அது இருந்தால் போதும்’ என்பதை மறுத்தால்தான் இரண்டும் விலகிப்போகும். புள்ளி ‘உம்’ உறவையும், கூட்டல் குறி ‘அல்லது’ உறவையும், மேற்கோடு மறுப்பையும் காட்டுவதாக வைத்துக்கொண்டால் இந்த இரு விதிகளையும் இப்படி எழுதலாம்:

```
(X . Y)' = X' + Y'
(X + Y)' = X' . Y'
```

மறுப்பு அடைப்புக்குள் நுழையும்போது ஒவ்வொரு உறுப்பையும் மறுப்பதோடு, நடுவில் உள்ள குறியையும் மாற்றிவிடுகிறது. இவை டி மார்கன் விதிகள் எனப்படுகின்றன. அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இதே கருத்தை இடைக்காலத் தர்க்க அறிஞர்கள் சொற்களால் முன்பே சொல்லியிருந்தார்கள். தர்க்க இயற்கணிதம் மின்சுற்றுக்குள் புகுந்தது வெகு பின்னால்தான். சுவிட்சுகளாலும் ரிலேக்களாலும் ஆன சுற்றுகளை இந்தக் கணிதத்தால் எளிமையாக்கலாம் என்று கிளாட் ஷானன் 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார்.

ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மேல்தொட்டியில் நீர் குறைந்தால் A, கீழ்த்தொட்டியில் நீர் இருந்தால் B, கைச்சுவிட்ச் போட்டிருந்தால் C ஆகியவை 1 ஆகும்; இல்லையேல் 0. கீழே நீர் இருக்க வேண்டும். அதோடு மேலே நீர் குறைந்திருக்க வேண்டும் அல்லது சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். அப்போதுதான் மோட்டார் ஓடலாம். அதாவது, ஓடும் நிபந்தனை B . (A + C). எப்போது நிற்க வேண்டும் என்பது இதன் மறுப்பு:

```
(B . (A + C))' = B' + (A + C)'
               = B' + A' . C'
```

முதல் படியில் வெளிப்புள்ளி கூட்டலாகிறது. இரண்டாம் படியில் உள்ளே இருந்த கூட்டல் புள்ளியாகிறது. கீழே நீர் இல்லாவிட்டால் மோட்டார் நிற்க வேண்டும். அல்லது மேலே நீர் குறையாமலும் சுவிட்ச் போடாமலும் இருந்தால் நிற்க வேண்டும்.

பலரும் தவறுவது இரண்டாம் படியில்தான். உள்ளே இருக்கும் கூட்டலை மாற்ற மறந்து B' + A' + C' என்று எழுதிவிடுகிறார்கள். மேலே நீர் குறையவில்லை, கீழே நீர் உண்டு, சுவிட்ச் போட்டிருக்கிறது என்று வைத்துப் பார்த்தால் (A = 0, B = 1, C = 1) தவறு உடனே பிடிபடும்: ஓடு என்பதும் 1, நில் என்பதும் 1. ஒன்று மற்றொன்றின் மறுப்பானால் இரண்டும் ஒரே மதிப்பைப் பெற முடியாது. மூன்று மாறிகளுக்கு எட்டு நிலைகளே இருப்பதால், எல்லாவற்றையும் கையாலேயே சரிபார்த்துவிடலாம்.

இனி, இதைச் சுற்றாக அமைக்க வேண்டும். B . (A + C) என்பதற்கு ஓர் ‘ஆர்’ கேட், ஓர் ‘ஆண்ட்’ கேட் போதும். தாளில் இதைவிடச் சிறிய வடிவம் இல்லை. ஆனால் கடையில் கேட்டுகள் பொதுவாகத் தனித்தனியாகக் கிடைப்பதில்லை. ‘ஆர்’ நான்கு கொண்ட 7432, ‘ஆண்ட்’ நான்கு கொண்ட 7408 என இரண்டு ஐ.சி. வாங்க வேண்டும், எட்டு கேட்டுகளில் ஆறு சும்மா கிடக்கும்.

‘ஆண்ட்’ முடிவை மறுத்துத் தருவது ‘நேண்ட்’ கேட். சீமாஸ் தொழில்நுட்பத்தில் இரண்டு உள்ளீடு கொண்ட ‘நேண்ட்’ கேட்டுக்கு 4 டிரான்சிஸ்டர் போதும். ‘ஆண்ட்’ வேண்டுமானால் அதன் பின்னால் ஒரு மறுப்பைச் சேர்த்து 6 ஆக்க வேண்டும். எனவே மறுப்போடு கூடிய வடிவமே இங்கே மலிவு. முதலில் அடைப்பை விரித்து, பிறகு இருமுறை மறுத்து, உள்மறுப்புக்கு மட்டும் விதியைப் பயன்படுத்தினால்:

```
B.A + B.C = ((B.A + B.C)')'
          = ((B.A)' . (B.C)')'
```

இதில் இருப்பவை மூன்று ‘நேண்ட்’ மட்டுமே. முதல் இரண்டும் மறுத்த விடைகளைத் தருகின்றன. மறுத்தவை வந்து சேர்வதால் மூன்றாவது ‘நேண்ட்’, ‘ஆர்’ வேலையைச் செய்கிறது. நான்கு ‘நேண்ட்’ கொண்ட 7400 ஐ.சி. ஒன்றே போதும். விரிக்காத வடிவத்தை அப்படியே ‘நேண்ட்’ கேட்டுகளாக மாற்றியிருந்தால் ‘ஆர்’ பகுதிக்கு மூன்றும் ‘ஆண்ட்’ பகுதிக்கு இரண்டுமாக ஐந்து கேட் ஆகியிருக்கும். அதாவது மறுபடியும் இரண்டு ஐ.சி. இயற்கணிதத்தில் நீளமாகத் தெரியும் கோவை, பலகையில் சிறியதாக இருப்பது இத்துறையில் சகஜம்.

மிஞ்சியிருக்கும் நான்காவது கேட்டும் வீணாவதில்லை. அதன் இரு உள்ளீடுகளையும் ஒன்றாக இணைத்து ‘ஓடு’ சமிக்ஞையைக் கொடுத்தால் அது வெறும் மறுப்பானாகி, ‘நிற்கிறது’ என்று காட்டும் விளக்குக்கான சமிக்ஞையைத் தரும். அது மேலே கண்ட B' + A' . C' என்பதேதான். ஆனால் இந்த விதிகள் அந்தந்தக் கணத்து நிலையை மட்டுமே பார்ப்பவை. நீர்மட்டம் எல்லைக்கோட்டில் தளும்பும்போது மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாகத் தடுமாறும். அதைத் தடுக்க மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் தனித்தனி உணரிகளும், முந்தைய நிலையை நினைவில் வைக்கும் ஒரு ஃபிளிப் ஃபிளாப்பும் தேவைப்படும்.