லைசென்ஸ் யார் சட்டைப்பையில்?

விலைக்குப் பின்னால் – 14

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறினால் வத்தல்மலை. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த மண்ணில் இப்போது காப்பியும் நிற்கிறது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. இங்கே காயவைத்துக் கட்டும் மூட்டையின் விலை இந்த மலையில் முடிவாவதில்லை. கொச்சியில் இன்று என்ன விலை என்று கேட்டு, அதிலிருந்து தன் செலவையும் லாபத்தையும் கழித்துக்கொண்டு வியாபாரி ஒரு விலை சொல்வார். கொச்சி விலையோ கப்பலில் வரும் மிளகைப் பார்த்து ஏறி இறங்கும். வியட்நாம் உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் நாடு. கொழும்பு பக்கத்திலேயே இருக்கிறது.

வெளிநாட்டு மிளகைத் தடுக்க அரசிடம் இரண்டு பழைய வழிகள் உண்டு. வரி போடலாம். அல்லது 'ஆண்டுக்கு இத்தனை டன்தான்' என்று கோட்டா வைக்கலாம். விவசாயிக்கு எது நல்லது என்ற கேள்விக்குப் பாதிப் பதில்தான் விலையில் இருக்கிறது. மீதிப் பாதி, லைசென்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

கணக்குக்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். உலக விலை கிலோ 300 ரூபாய், இறக்குமதி வரி 50 சதவீதம். உள்ளே வந்து சேரும் விலை 450. அந்த விலையில் ஆண்டுக்கு 20,000 டன் வருகிறது என்று கொள்வோம். கிலோவுக்கு 150 ரூபாய் வீதம் அரசுக்குச் சுங்கத்தில் கிடைப்பது 300 கோடி. இப்போது வரியை எடுத்துவிட்டு, 20,000 டன்னுக்கு மேல் ஒரு மூட்டைகூட வரக்கூடாது என்று கோட்டா வைப்போம். சந்தைக்கு வரும் சரக்கு முன்பு வந்த அளவேதான். எனவே உள்நாட்டு விலையும் அதே 450. வத்தல்மலை வியாபாரி சொல்லும் விலை மாறாது, வாங்கித் தின்பவர் கொடுக்கும் விலையும் மாறாது. இதைத்தான் பொருளாதாரப் பாடநூல்கள் சமானம் என்கின்றன.

ஆனால் அந்த 300 கோடி எங்கே? வெளிநாட்டில் 300 ரூபாய்க்கு வாங்கி இங்கே 450-க்கு விற்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவரிடம். கிலோவுக்கு 150 ரூபாய் பெறும் ஒரு தாள்தான் லைசென்ஸ். அரசு அதை இலவசமாக இறக்குமதியாளருக்குக் கொடுத்தால் பணம் அவருக்கு. ஏற்றுமதி செய்யும் நாட்டிடம் கொடுத்து 'நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்' என்றால் பணம் கடல் தாண்டிப் போகும். ஏலம் விட்டால், போட்டி நேர்மையாக நடந்தால், கஜானாவுக்கே திரும்பும். சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கடைசி முறை நன்றாகத் தெரியும். அங்கே 1990 முதல் புதிய கார் வாங்குவதற்கான உரிமைச் சான்றிதழ் ஏலத்தில்தான் கிடைக்கிறது. எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த அரசே அதன் மதிப்பையும் வசூலித்துக்கொள்கிறது.

சுதந்திர இந்தியா நெடுங்காலம் லைசென்ஸை இலவசமாகக் கொடுக்கும் வழியில்தான் நடந்தது. எந்தத் தொழிற்சாலைக்கு எவ்வளவு மூலப்பொருள் இறக்குமதி உரிமம் என்பதை, அதன் உற்பத்தித் திறனைப் பார்த்து முடிவு செய்தார்கள். விளைவு என்ன? இருக்கும் இயந்திரமே பாதி நேரம் சும்மா கிடக்க, மேலும் இயந்திரம் வாங்கிப் போட்டார்கள். அதிக உரிமம் கிடைக்கும் அல்லவா. ஆன் குரூகர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1974-இல் எழுதிய கட்டுரையில், 1964-இல் இந்தியாவில் இப்படி உரிமங்களைச் சுற்றி உருவான ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்று கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு இறக்குமதி உரிமங்களுடையது. அவர் சொன்ன முக்கியமான விஷயம் இந்த எண் அல்ல. அந்த ஆதாயத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் டெல்லி அலுவலக வாசல்களிலும் வேண்டாத கட்டடங்களிலும் செலவழிப்பது எல்லாம் நாட்டுக்கு நட்டக் கணக்குதான் என்றார். வரியில் இந்த ஓட்டம் குறைவு. சுங்க அதிகாரியிடம் வரியைக் கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் சரக்கை எடுத்துப் போகலாம். (சுங்கத்தில் கை நீட்டுபவரே இல்லை என்று சொல்லவில்லை.)

இனி நம் மிளகுக்கு வருவோம். இந்தியா – இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லாமல் வரலாம் என்று பின்னாளில் வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் வந்தால் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி 8 சதவீதம் வரி. எந்தச் சலுகையும் இல்லாத நாட்டு மிளகுக்கு 70 சதவீதம். வியட்நாம் உள்ளிட்ட ஆசியான் நாடுகளுக்கு அதைப் படிப்படியாக 50 சதவீதத்துக்குக் குறைக்க இந்தியா ஒப்புக்கொண்டது. ஆக இலங்கை மிளகுக்கு மட்டும் கோட்டாவும் உண்டு, வரியும் உண்டு. ஒன்றின் மேல் ஒன்று.

இந்த 2,500 டன் சலுகையால் வத்தல்மலைக் கொடிக்காரருக்கு எவ்வளவு நட்டம்? பலரும் 'வரியில்லாமல் வருகிறதே, விலை இறங்காதா?' என்று கேட்பார்கள். அந்த ஆண்டு இலங்கையிலிருந்து மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது அது. 2,500 டன்னைத் தாண்டிச் சரக்கு வருகிறதென்றால், கடைசியாக வரும் மூட்டை 8 சதவீதம் கட்டித்தான் வருகிறது. சந்தை விலையை நிர்ணயிப்பது அந்தக் கடைசி மூட்டை. சலுகையில் வந்த மூட்டையை வைத்திருப்பவர் அதே விலைக்கு விற்கலாம் என்றிருக்கும்போது ஏன் குறைத்து விற்கப்போகிறார்? எனவே அந்த ஆண்டில் சலுகையால் விலை இறங்காது. விவசாயி இழப்பது ஒன்றுமில்லை. வருவதே 2,500 டன்னுக்குக் குறைவு என்றால் நிலைமை வேறு. அப்போது வரியில்லாத விலைதான் இலங்கை மிளகின் விலை. எட்டு சதவீதப் பாதுகாப்பு காகிதத்தில் மட்டும்தான்.

கோட்டா நிறைந்த ஆண்டை எடுத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு கிலோ 500 ரூபாய் என்று வைத்தால், 8 சதவீதம் 40 ரூபாய். 2,500 டன் என்பது 25 லட்சம் கிலோ. ஆக 10 கோடி ரூபாய் வரி வராமல் போகிறது. அது விலைக்குறைப்பாக நம் வீட்டு ரசத்துக்கு வருவதில்லை. சலுகைக்குள் இடம் பிடித்தவருக்குப் போகிறது. அவர் யார்? சலுகை கோர வேண்டுமானால் இலங்கை வணிகத் துறை கொடுக்கும் பிறப்பிடச் சான்று வேண்டும். அந்தச் சான்றும் கோட்டாவில் இடமும் கையில் உள்ள ஏற்றுமதியாளர், 'எனக்கு 35 ரூபாய் கூடுதலாகக் கொடு, உனக்கு 5 ரூபாய் மிச்சம்' என்று பேரம் பேசலாம். ஒப்பந்தத்தில் சலுகை கொடுத்ததன் நோக்கமே இலங்கைக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்பதுதானே என்றால், அது சரியான வாதம். இந்தியா இந்த 2,500 டன்னை ஏலம் விட்டால், கொடுத்த சலுகையைத் திருப்பிப் பிடுங்குவதாக ஆகிவிடும்.

உண்மையான சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. வியட்நாம் மிளகு நேராக வந்தால் 50 சதவீதத்துக்கு மேல் வரி. கொழும்பில் இறங்கி இலங்கை மிளகு என்று பெயர் மாற்றி வந்தால் 8 சதவீதம், இடம் இருந்தால் அதுவும் இல்லை. அப்படித்தான் வருகிறது என்று கேரள, கர்நாடக மிளகு விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பர் 6 அன்று மத்திய அரசு குறைந்தபட்ச இறக்குமதி விலை என்ற ஒன்றை அறிவித்தது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மதிப்பில் மிளகு உள்ளே வரக்கூடாது. அப்போது வியட்நாம் மிளகின் விலை ஏறக்குறைய அதில் பாதி.

இதை நான் மூன்றாவது வழி என்று சொல்ல மாட்டேன். இது லைசென்ஸ் பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிநாட்டு விற்பனையாளரிடம் கொடுக்கும் கோட்டா. 250 ரூபாய் சரக்கை 500 என்று பில் போட்டால்தான் சுங்கத்தைத் தாண்டும். இந்திய இறக்குமதியாளர் வங்கி வழியாக 500 ரூபாய் அனுப்புகிறார். கூடுதலாகப் போன 250 ரூபாயை வெளிநாட்டுக்காரர் நிஜமாகவே வைத்துக்கொண்டால் ஆதாயம் அவருக்கு. இருவரும் கூட்டாளிகள் என்றால், அதில் பெரும்பகுதி வேறு வழியில் இந்தியாவுக்கே திரும்பும். சுங்கத்துக்குக் கிடைப்பது 500-இல் 8 சதவீதமான 40 ரூபாய் மட்டும். அதே விலை உயர்வை வரியாகப் போட்டிருந்தால் கஜானாவுக்கு வந்திருக்கும்.

பில் நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்கச் சோதனைக்கூடம் தேவையில்லை. கொச்சி விலையையும் துறைமுகக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 2018-இல் உள்நாட்டு மிளகு 400 ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழும் விற்றது. 500 ரூபாய் கொடுத்து, வரியும் கட்டி, வாங்கியதை 400-க்கு விற்கும் வியாபாரி உலகில் கிடையாது. அந்தக் காலத்திலும் உள்நாட்டு விற்பனைக்குச் சரக்கு வந்துகொண்டிருந்தால், பில்லில் உள்ளது விலை அல்ல. ஒரு விலக்கை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மிளகிலிருந்து எண்ணெயும் சாறும் பிழிந்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் உண்டு. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் இலங்கை மிளகை விரும்பி வாங்குவார்கள். மறு ஏற்றுமதிக்காக வரும் அந்தச் சரக்கைத் தனியே கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வரியும் கோட்டாவும் சமானம் என்றோமே, அது உலகம் அசையாமல் நிற்கும் ஆண்டில் மட்டும். முதலில் போட்ட கணக்குக்கே திரும்புவோம். வியட்நாமில் அமோக விளைச்சல், உலக விலை 300-லிருந்து 200-க்கு இறங்குகிறது. 50 சதவீத வரி இருந்தால் இங்கே விலை 300-க்கு விழும். சரிவு முழுவதும் வத்தல்மலை வரை ஏறி வந்துவிடும். 20,000 டன் கோட்டா இருந்தால், சரக்கின் அளவு மாறாததால் 450 அப்படியே நிற்கும். கிலோவுக்கு 150 பெற்ற லைசென்ஸ் தாள் மட்டும் 250 பெறும். மறுபக்கம், இங்கே மழை பொய்த்து விளைச்சல் குறைந்தால், வரி முறையில் கூடுதல் சரக்கு வந்து விலையை 450-இலேயே பிடித்து வைக்கும். கோட்டாவில் வெளியிலிருந்து ஒரு மூட்டை கூடுதலாக வராது. விலை 600 வரைகூட ஏறலாம், தாளின் மதிப்பு 300 ஆகலாம்.

மிளகு விவசாயிகளின் சங்கங்கள் வரியைவிடக் கட்டுப்பாட்டையே ஏன் கேட்கின்றன என்பது இதில் புரியும். அவர்களின் பயம் வியட்நாமின் அடுத்த விளைச்சல். கோட்டா அந்தப் பயத்துக்குச் சரியான மருந்துதான். ஆனால் கெட்ட ஆண்டு, நல்ல ஆண்டு இரண்டிலும் மதிப்பு ஏறும் தாளை இலவசமாக வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் கோட்டா நீடிப்பதில் ஆர்வம் அதிகம். சங்கத்தின் பின்னால் நின்று சத்தமாகப் பேசுபவர்களில் அவரும் இருப்பார். அடுத்த முறை 'இறக்குமதியைத் தடு' என்று கோரிக்கை எழும்போது, லைசென்ஸ் யாருக்கு, எந்த அடிப்படையில், என்ன விலைக்கு என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க மலைக்காரர்களுக்கு உரிமை உண்டு. ஏலம் விட்டு வரும் பணத்தில் ஒரு பகுதியை மிளகு உலர்த்தும் களத்துக்கும் கொடி வாடல் நோய்க்கும் செலவிடச் சொல்லலாம். இலவசமாகக் கொடுத்துவிட்டால் கேட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

(தொடரும்)