ஒரே எண்ணில் இரண்டு பில்

ஜவுளிக்கடையில் போடப்படும் ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் எண் உண்டு. ஜி.எஸ்.டி. விதி 46-இன்படி அந்த எண் வரிசையாக வரவேண்டும். 16 எழுத்துக்கு மிகக்கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரவும் கூடாது. கடையில் இரண்டு கவுண்டர் இருந்தால் இரண்டு தனி வரிசை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் ஒரே வரிசையில் ஒரே எண் இரண்டு தாள்களில் இருந்தால், அவற்றில் ஒன்று கணக்குக்குள் வராமல் போயிருக்க வாய்ப்புண்டு.

எண் விடுபட்டிருந்தால் யார் கண்ணிலும் படும். 2112-க்கு அடுத்து 2114 வந்தால், நடுவிலிருந்த பில் எங்கே என்று எவரும் கேட்பார்கள். எண் இரட்டித்தால் அப்படித் தெரியாது. கம்ப்யூட்டரிலுள்ள விற்பனைப் பட்டியலில் 2112, 2113, 2114 என்று எல்லாம் ஒழுங்காகவே நிற்கும். தாளையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது அகப்படும். ஆடிட்டர் அலுவலகங்களில் அந்த வேலை பெரும்பாலும் பயிற்சியிலிருக்கும் இளையவர்கள் கைக்கே வருகிறது.

அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்களாக நடத்தும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அப்பா கல்லாவில் உட்காருகிறார். பில் இரண்டு பிரதி அச்சாகிறது. ஒன்று வாடிக்கையாளருக்கு, மற்றது கடைக் கோப்புக்கு. ஏப்ரல் கடைசியில் தணிக்கைக்கு வந்த இளம் தணிக்கையாளர், தீபாவளி மாதமான அக்டோபர் கோப்பைப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். 1847 என்ற எண்ணில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டும் 12-ஆம் தேதி போட்டவை. ஒன்று மாலை 7.40-க்கு, 6,300 ரூபாய். இன்னொன்று 7.52-க்கு, 18,900 ரூபாய். பட்டியலில் இருப்பது 18,900 மட்டுமே.

முதல் தாள் அச்சான பிறகு கம்ப்யூட்டரில் அழிக்கப்பட்டிருக்கிறது. தானாக எண் போடும் முறையில், கடைசியாகப் போட்ட பில்லை அழித்தால் அதன் எண்ணை அடுத்த பில் எடுத்துக்கொள்ளும்படி பல கணக்கு மென்பொருள்களில் அமைத்துவிட முடியும். நடுவிலுள்ள பில்லை அழித்தால், அதற்குப் பின்னுள்ள எண்கள் எல்லாம் ஒவ்வொன்றாக முன்னே நகரும் அமைப்பும் உண்டு. அப்போது அதற்குப் பின்னுள்ள தாள்கள் ஒன்றுகூடப் பட்டியலோடு பொருந்தாது.

இதைப் பார்த்ததும் திருட்டு என்று முடிவுகட்டுவது தவறு. அவர் செய்தது வேறு. இரண்டு பில்லிலும் இருந்த சேலைகளின் குறியீட்டு எண்களைப் பார்த்தார். முதல் பில்லில் இருந்த 6,000 ரூபாய்ச் சேலை இரண்டாவதிலும் இருந்தது. கூடவே அதே விலையில் இன்னும் இரண்டு. 18,000 ரூபாய்க்கு 5 சதவீத வரி 900. கார்டு மெஷின் பட்டியலில் அந்த நேரத்தில் 18,900 மட்டுமே வரவாகியிருந்தது. வாங்க வந்தவர்கள் பில் போட்ட பிறகு இன்னும் இரண்டு சேலை எடுத்திருக்கிறார்கள். கவுண்டரில் இருந்தவர் பழைய பில்லை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார். பணம் எங்கும் போகவில்லை. ஆனாலும் முறை தவறுதான். பழைய பில்லை ‘ரத்து’ என்று குறித்து, எண்ணோடு வைத்திருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்திலேயே எத்தனை பில் போடப்பட்டது, எத்தனை ரத்தானது என்று காட்ட ஓர் அட்டவணை இருக்கிறது.

பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். காரணம் நல்லதாக இருந்தாலும், இந்தக் கடையில் யார் வேண்டுமானாலும் பில்லை அழிக்கலாம் என்பது தெரிந்துவிட்டதே. அதற்குப் பிறகு ஒரு தாளோடு நிறுத்துவது சரியல்ல. அவர் மாதம் முழுவதையும் பார்த்தார். இன்னொரு ஜோடி கிடைத்தது: எண் 2113. ஒன்று 17-ஆம் தேதி இரவு 10.15-க்குப் போட்டது, 9,450 ரூபாய். மற்றது 18-ஆம் தேதி காலையின் முதல் பில், 2,100 ரூபாய். பட்டியலில் இருந்தது காலை பில் மட்டும்.

இங்கே இரண்டு பில்லிலும் சரக்கு வேறு, ஆளும் வேறு. இடைவெளியோ ஓர் இரவு. அன்றைய கடைசி பில், கடை மூடும் நேரத்தில் அழிக்கப்பட்டிருக்கிறது. பணம் ரொக்கமாக வந்ததால் வங்கிக் கணக்கிலோ கார்டு பட்டியலிலோ தடயம் இல்லை. நுகர்வோருக்குச் செய்யும் இத்தகைய சில்லறை விற்பனை ஜி.எஸ்.டி. கணக்கில் மொத்தத் தொகையாகத்தான் போகிறது, பில் பில்லாக அல்ல. அதனால் அரசின் இணையதளமும் இதைக் கண்டுபிடிக்காது.

அவர் இரண்டு தாளையும் நகல் எடுத்து, தன் குறிப்பேட்டில் பார்த்ததை மட்டும் எழுதி, மூத்தவரிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம் கேட்ட கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை: “ஐயா, அன்னைக்கு ராத்திரி கல்லா எண்ணின நோட்டு இருக்குங்களா?”

இருந்தது. குடும்பக் கடைகளில் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பெரியவர்கள் கையால் எழுதும் நோட்டு நின்றுபோவதில்லை. தணிக்கைக்கு அதைவிட நல்ல சாட்சி அரிது. 17-ஆம் தேதிப் பக்கத்தில் ரொக்க விற்பனை 1,73,650, கம்ப்யூட்டரில் 1,64,200. வித்தியாசம் சரியாக 9,450. நோட்டில் அதன் கீழே ஒரு வரி: ‘சின்னவன் 10,000’. அன்றைய கம்ப்யூட்டர் செலவில் டீச் செலவு என்று 550 கூடுதலாக இருந்தது. நோட்டில் அது இல்லை. 9,450-ஐயும் 550-ஐயும் கூட்டினால் 10,000.

தம்பி வீட்டுத் தேவைக்குக் கல்லாவிலிருந்து 10,000 ரூபாய் எடுத்திருக்கிறார். இரவில் கணக்கு எழுதியவருக்கு இருப்பு இடித்தது. ஒரு பில்லை அழித்து, மீதியை டீச் செலவாக்கி, இருப்பைச் சரிக்கட்டியிருக்கிறார். பங்குதாரர் தன் கடைப் பணத்தை எடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை; அவர் பெயரில் பற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி எழுதப்படாததால் 9,000 ரூபாய் விற்பனை மறைந்தது, வாடிக்கையாளரிடம் வாங்கிய 450 ரூபாய் வரி அரசுக்குப் போகாமல் நின்றது, விற்ற சேலை இன்னும் இருப்பில் இருப்பதாகக் கணக்கு சொன்னது. ஆண்டுக் கடைசியில் சரக்கு எண்ணும்போது குறைந்த அந்தச் சேலைக்கு, கவுண்டரில் நிற்கும் சம்பளக்காரர்மேல் சந்தேகம் விழுந்திருக்கும். இந்தப் பழக்கத்தின் கொடுமை அதுதான்.

கோப்பில் தாள் இருந்ததால்தான் இவ்வளவும் தெரிந்தது. அழித்தவர் கடைப் பிரதியையும் கிழித்திருந்தால் எண்ணைப் பார்த்து எதுவும் புரிந்திருக்காது. அந்த நிலையில் கல்லா நோட்டும் சரக்கு எண்ணிக்கையும்தான் துணை. மென்பொருளில் யார், எப்போது, எதை அழித்தார் என்ற திருத்தப் பதிவு இருந்தால் அது உறுதியான சான்று. 2023 ஏப்ரல் முதல் கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் கம்பெனிகளுக்கு அது கட்டாயம். பங்குதாரர் கடைக்குக் கட்டாயமில்லை என்றாலும், வைத்துக்கொள்வதைத் தடுப்பார் யாருமில்லை.

விற்பனை, அழிந்த பில்லின் தாளோடு சேர்த்து மறுபடி கணக்கில் ஏறியது. டீச் செலவு 550 நீக்கப்பட்டது. தம்பியின் பெயரில் 10,000 பற்று எழுதப்பட்டது. அக்டோபர் வரி நவம்பர் 20-க்குள் கட்டியிருக்க வேண்டியது. மே 20-இல் கட்டியபோது, ஆண்டுக்கு 18 சதவீதம் என்ற கணக்கில் 450 ரூபாய்க்கு வட்டி சுமார் 40 ரூபாய் ஆனது. அன்றிலிருந்து அந்தக் கடையில் பில்லை அழிக்கும் உரிமை கவுண்டர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, ரத்தான பில்கள் எண்ணோடு தனிக் கோப்பில் வைக்கப்படுகின்றன.