முதல் மழையைத் தானே ஒதுக்கும் குழாய்!

வருடத்தின் முதல் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. நள்ளிரவில் கொட்டும்போது யார் எழுந்துபோய் மழைநீர்க் குழாயின் வால்வைத் திருப்புவது? மாதக்கணக்கில் மொட்டை மாடியில் சேர்ந்த புழுதியும் புறா எச்சமும் நேராகச் சம்ப்புக்குள் இறங்கிவிடும். இதற்குப் பயந்தே பல வீடுகளில் மழைநீரை மொத்தமாகச் சாக்கடைக்குத் திருப்பி விடுகிறார்கள். தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகியும், குழாய் இருக்கிறது, தண்ணீர் சேர்வதில்லை.

டிரில்லிங் மெஷின், ரம்பம், டேப் இவற்றோடு வீட்டில் ஓய்வாக இருக்கும் இன்ஜினீயருக்கு ஏற்ற வேலை இது. ஆள் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் முதல் அழுக்குத் தண்ணீரைத் தானே ஒதுக்கும் குழாய் ஒன்றைச் செய்யலாம்.

எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடிக்கு இரண்டு இறங்கு குழாய்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் 500 சதுர அடி, அதாவது சுமார் 46 சதுர மீட்டர். முதல் 1 மி.மீ. மழையை ஒதுக்க, குழாய்க்கு 46 லிட்டர் இடம் வேண்டும்.

உங்கள் மாடிக்கு 1 மி.மீ. போதுமா என்பதை மழையிடமே கேட்கலாம். முதல் மழையில் குழாய் வாயில் 10 லிட்டர் வாளிகளை வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து வையுங்கள். டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்தால், எத்தனையாவது வாளியில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதோ, அதுவரை ஒதுக்க வேண்டும். மரத்தடி வீட்டுக்கு ஏழெட்டு வாளிகூட ஆகலாம்.

எப்படி அமைப்பது?

6 அங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும். 8 அடி நீளம் எடுத்தால் சுமார் 44 லிட்டர். நம் தேவைக்குச் சரி.

மாடியிலிருந்து இறங்கும் 4 அங்குலக் குழாயில் ஒரு ‘டி’ பொருத்துங்கள். அதன் பக்கவாய் ஃபில்டர் வழியாகச் சம்ப்புக்குப் போகட்டும். நேர் கீழ்வாயில், 6-க்கு 4 ரெடியூசர் மூலம் அந்தப் பெரிய குழாயை இணையுங்கள். உள்ளே 5 அங்குல பிளாஸ்டிக் பந்து ஒன்றைப் போடுங்கள். முதலில் வரும் தண்ணீர் நேராகக் கீழே விழுந்து குழாயை நிரப்பும். நிரம்பியதும் பந்து மிதந்து ரெடியூசரின் கழுத்தை அடைக்கும். அதன்பின் வரும் தெளிந்த நீர் பக்கவாயில் திரும்பும்.

குழாயின் அடியில் மரை போட்ட மூடி வேண்டும். அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில் 2 மி.மீ. துளை ஒன்று. மழை நின்றபின் சுமார் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, அடுத்த மழைக்குக் குழாய் தயாராகும். 1 மி.மீ. துளை என்றால் வடிய ஏழெட்டு மணி நேரமாகும், சீக்கிரம் அடைத்தும் கொள்ளும்.

நிரம்பிய குழாயில் 44 கிலோ தண்ணீர் நிற்கும். கிளாம்ப்பை மட்டும் நம்பாமல், அடியில் செங்கல் மேடை கட்டுங்கள். மூடியைக் கழற்றக் கை போகும் அளவு இடம் விடுங்கள்.

எங்கே சறுக்கும்?

மழை பெய்த மறுநாளும் துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தாலோ, மூடியைத் திறந்ததும் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டினாலோ, துளை அடைத்திருக்கிறது. மேலே இலை தடுக்கும் சல்லடை கிழிந்திருக்கும். அடியில் தங்கிய சேற்றைக் கழுவிவிடுங்கள்.

பந்து சரியாக அடைக்கிறதா என்பதற்குச் சொட்டு நீலம் போதும். குழாய் காலியாக இருக்கும்போது மாடித் துவாரத்தில் சிறிது நீலத்தை ஊற்றி, ஹோஸில் தண்ணீர் விடுங்கள். நிரம்பிய பிறகும் பக்கவாயில் நீலம் தொடர்ந்து வந்தால், பந்து ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம், அல்லது கழுத்தில் பிசிர் இருக்கலாம். பிசிரை உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகும்.

இது மேலோட்டமான அழுக்கைத்தான் ஒதுக்கும், கிருமிகளைக் கொல்லாது. துவைக்க, குளிக்க, கிணற்றுக்கு விட இந்தத் தண்ணீர் தாராளமாகப் பயன்படும். குடிக்க வேண்டுமென்றால் வடிகட்டி, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் ஒருமுறை மூடியைக் கழற்றிக் கழுவி, நீலச் சோதனையும் செய்துவிட்டால், நள்ளிரவு மழைக்கு யாரும் எழ வேண்டாம்.