பின்வளவில் இரும்புப் பந்தல்: குழாய் வாங்கமுன் போடவேண்டிய கணக்கு

கனடாவில் கோடை தொடங்கியதும் பின்வளவில் ஒரு நிழற்பந்தல் போடும் எண்ணம் எங்களில் பலருக்கு வருகிறது. சதுர இரும்புக் குழாயில் செய்வதாயின், வாங்கமுன் அதன் எடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூட்டை எப்படி அமைப்பது என்பதை அந்த எடைதான் தீர்மானிக்கிறது.

4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.4 மீற்றர் உயரமான ஒரு திறந்த பந்தலை எடுத்துக்கொள்வோம். நான்கு தூண்களும் சுற்றிவரும் நான்கு வளைகளும் 80 மில்லிமீற்றர் சதுரக் குழாய். மேலே 3 மீற்றர் நீளமான ஐந்து கைமரங்கள் 40 மில்லிமீற்றர் குழாய். எல்லாவற்றுக்கும் தடிப்பு 3 மில்லிமீற்றர்.

ஒரு மீற்றரின் எடையை அறிய, பக்க அளவிலிருந்து தடிப்பைக் கழித்து, நான்காலும் தடிப்பாலும் பெருக்கி, பிறகு 0.00785 ஆல் பெருக்க வேண்டும். பெரிய குழாய்க்கு 7.25 கிலோ, சிறியதற்கு 3.49 கிலோ வரும். மூலைகள் வளைந்திருப்பதால் உண்மை எடை சற்றுக் குறையும். தூணும் வளையும் 23.6 மீற்றர், அதாவது 171 கிலோ. கைமரம் 15 மீற்றர், 52 கிலோ. மொத்தம் 223 கிலோ. தகடுகளின் எடை புறம்பு.

இதில் தலைக்கு மேலே நிற்பது மட்டும் 154 கிலோ. அதை நிலத்தில் ஒன்றாக ஒட்டிவிட்டால் வீட்டாரால் தூக்க முடியாது. தனி வளை ஒன்று 29 கிலோதான், இருவர் தூக்கலாம். ஆகவே மேல் மூட்டுகள் ஆணி பூட்டுவனவாக இருக்கட்டும். குழாயைத் துளைத்து ஆணியை இறுக்கினால் மெல்லிய சுவர் உள்ளே அமுங்கி, மூட்டுத் தளர்ந்துவிடும். தூணின் தலையில் ஒரு சாண் குழாய்த்துண்டை ஒட்டி, அதன் நுனியிலும் வளையின் நுனியிலும் குழாயைவிட அகலமான தகடு ஒட்டி, நான்கு மூலைகளிலும் ஆணி பூட்டுவதே சரி.

அந்தத் தகடுகள் குழாயின் வாயையும் மூடுகின்றன. ஒட்டில் இடைவெளி இருந்தால் மழைநீர் உள்ளே போய்த் தூணின் அடியில் தேங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, தட்டையான சுவர் வெளியே புடைக்கும், சிலவேளை வெடிக்கும். ஒட்டின் கீழே துருநிறக் கோடு வழிந்தால் அது முதல் அடையாளம். ஒட்டை இடைவெளியின்றிச் சுற்றிப் போட்டு, தூணின் அடியில் நீர் வெளியேற ஒரு சிறு துளை விடவேண்டும்.

வர்ணத்துக்குப் பரப்பே கணக்கு. பெரிய குழாய் மீற்றருக்கு 0.32 சதுர மீற்றர், சிறியது 0.16. மொத்தம் ஏறக்குறைய 10 சதுர மீற்றர். ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்குப் போதும் என்று பேணியில் இருந்தால், துருத்தடுப்புப் பூச்சு ஒரு லீற்றரும் மேற்பூச்சு இருதடவைக்கு இரண்டு லீற்றரும் தேவை. குழாய் ஒடுக்கமானதால் வீணாவதற்கு ஐந்திலொரு பங்கு கூட்டுவோம். புதுக் குழாயில் உள்ள எண்ணெயைத் தின்னரால் துடைக்காவிட்டால் வர்ணம் உரியும்.

இக்கணக்கு திறந்த பந்தலுக்கு மட்டுமே. மேலே தகரம் போட்டால், சதுர மீற்றருக்கு 100 கிலோ பனி தங்கினாலே 12 சதுர மீற்றருக்கு 1200 கிலோ. அதற்குக் குழாய் அளவைப் பொறியியலாளர்தான் சொல்லவேண்டும்.